சொந்த அக்கா இல்லை; ஆனாலும் மூன்று நாள் விடுப்பு வேண்டும்

வாசகியின் கடிதம்

"என் வயது 29. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் 26-ஆம் தேதி, வியாழக்கிழமை, என் அப்பாவின் அண்ணன் மகளுக்குத் திருமணம். கல்லூரிப் படிப்புக்காக எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகள் தங்கியிருந்தவர். எனக்கு அவர் அக்காதான். வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தங்கவைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். ஒன்பது மணி நேரப் பயணம். புதன் முதல் வெள்ளி வரை மூன்று நாள் வேண்டும். ஈட்டிய விடுப்பு 11 நாள் கையில் இருக்கிறது. சென்ற ஆண்டு 'அண்ணன் திருமணம்' என்று எழுதி இரண்டு நாள் எடுத்தேன். அவரும் ஒன்றுவிட்ட அண்ணன்தான். எனக்கு உடன்பிறந்த அண்ணன் இல்லை என்பது பிறகு மேலாளருக்குத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து நான் விடுப்பு என்றாலே 'சொந்தமா, ஒன்றுவிட்டதா?' என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார். 27-ஆம் தேதி மாதாந்தரப் பணப் பட்டுவாடா வேறு. 'சொந்த அக்கா என்றே எழுதிவிடு, இல்லாவிட்டால் பாட்டிக்கு உடல்நிலை சரியில்லை என்று போடு' என்கிறாள் தோழி. 'தவிர்க்க முடியாத குடும்பக் காரணத்தால்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். பிடிக்காமல் கிழித்துப் போட்டேன். என்ன எழுதினால் மறுக்கமாட்டார்?"

ஆலோசனை

அன்புள்ள வாசகிக்கு,

மறுக்கவே முடியாத வாசகம் என்று ஒன்று கிடையாது. ஆனால், அந்த அக்கா உங்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்று எடை போடும் வேலையை மேலாளரிடமிருந்து எடுத்துவிட்டு, இந்த மூன்று நாளும் நீங்கள் இல்லாமல் பட்டுவாடா நடக்குமா என்ற ஒரே கேள்வியை மட்டும் அவர் முன் வைக்கும் விதத்தில் ஒரு விண்ணப்பத்தை எழுத முடியும். முதல் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்க வாய்ப்பே இல்லை. அவர் உங்கள் வீட்டில் வளர்ந்தவர் அல்லர். இரண்டாவது கேள்விக்கான பதிலை நீங்களே தயாரித்துக் கொடுத்துவிடலாம். மனிதவளத் துறையில் இருந்த ஆண்டுகளில், மேலாளர்கள் தயங்கி என் மேசைக்கு அனுப்பிய விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். "இந்த உறவுக்கெல்லாம் விடுப்பா?" என்று குறிப்பு எழுதி அனுப்பியவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் உண்மையில் பயந்தது, அந்த வாரத்து வேலையை யார் பார்ப்பது என்பதைப் பற்றித்தான்.

எந்தக் கணக்கில் கேட்கிறீர்கள்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். காரணம் பெரிதாக இருந்தால்தான் விடுப்பு கிடைக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சில வகை விடுப்புகளுக்கு அது உண்மை. இறப்புக்காகவோ குடும்பத்தில் நேரும் அவசரத்துக்காகவோ நிறுவனங்கள் தனியாகத் தரும் விடுப்புக்குப் பெரும்பாலும் ஓர் உறவுப் பட்டியல் இருக்கும். பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று அது குறுகியே நிற்கும். அங்கே உறவுதான் தகுதி. பட்டியலில் இல்லாத உறவுக்கு அதைக் கேட்டால், மேலாளர் விரும்பினாலும் அவர் கை கட்டப்பட்டிருக்கலாம்.

நீங்கள் கேட்பது அதை அல்ல. ஈட்டிய விடுப்பு நீங்கள் வேலை செய்து சேர்த்தது. 1970-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய, ஊதியத்துடன் கூடிய விடுமுறை பற்றிய 132-ஆம் உடன்படிக்கை, ஓராண்டுப் பணிக்குக் குறைந்தது மூன்று வேலை வாரங்கள் விடுமுறை என்று சொல்கிறது. அந்த விடுமுறை எப்போது என்பது விதியாலோ ஒப்பந்தத்தாலோ ஏற்கெனவே வகுக்கப்படாத இடத்தில், ஊழியரைக் கலந்துகொண்டு முதலாளி தீர்மானிக்கலாம் என்கிறது அதன் 10-ஆம் பிரிவு. அப்படித் தீர்மானிக்கும்போது கருத வேண்டியவையாக அது இரண்டைக் குறிப்பிடுகிறது: வேலையின் தேவை, ஊழியருக்கு ஓய்வெடுக்கக் கிடைக்கும் வாய்ப்பு. எதற்காக விடுப்பு, யாருடைய திருமணம் என்பது அந்த இரண்டில் இல்லை. இந்த உடன்படிக்கை அதை ஏற்றுக்கொண்ட நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது உங்கள் ஊர்ச் சட்டமும் உங்கள் பணி ஒப்பந்தமும் நிறுவனத்தின் விடுப்பு விதியுமே. அந்த விதியை இன்றே எடுத்துப் படியுங்கள். எத்தனை நாளுக்கு முன்னால் கேட்க வேண்டும், மாதக் கடைசியில் விடுப்புக்குத் தடை உண்டா என்ற இரண்டு விவரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதையே புரட்டிப் போட்டு, "என் விடுப்பு, என் உரிமை, காரணம் சொல்லத் தேவையில்லை" என்று நிற்பதும் உங்களுக்கு உதவாது. சேர்ந்த விடுப்பு உங்களுடையது. ஆனால் எந்தத் தேதியில் எடுப்பது என்பதில் மேலாளருக்கும் ஒரு சொல் உண்டு. பட்டுவாடா வாரத்தில் கேட்கும்போது அவர் "வேறு தேதியில் எடுங்கள்" என்று சொன்னால் அது பல இடங்களில் விதிக்கு உட்பட்ட பதிலாகவே இருக்கும். ஆகவே உங்கள் விண்ணப்பத்தில் காரணத்துக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது: இந்தத் தேதியை நகர்த்த முடியாது என்று காட்டுவது. திருமணம் என்பதாலேயே அது நடந்துவிடுகிறது. சொந்த அக்காவின் திருமணத் தேதியும் ஒன்றுவிட்ட அக்காவின் திருமணத் தேதியும் நகராமல் இருப்பதில் ஒன்றுதான்.

கிழித்துப் போட்டது நல்லது

"தவிர்க்க முடியாத குடும்பக் காரணத்தால்" என்ற தொடரை மேலாளர்கள் ஆண்டுக்கணக்கில் படித்துப் பழகியிருக்கிறார்கள். அதில் தகவல் எதுவும் இல்லை. தவிர்க்க முடியாதது என்ற உங்கள் தீர்ப்பு மட்டும் இருக்கிறது. ஏற்கெனவே சந்தேகப்படுகிறவருக்கு, எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணத்தையே அது தரும்.

உளவியலாளர் எல்லன் லாங்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1978-இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கில் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம், தனக்கு முதலில் வழிவிடும்படி ஒருவர் கேட்க வேண்டும். 5 பக்கம்தான் என்றபோது, காரணமே சொல்லாமல் கேட்டவர்களுக்கு 60 விழுக்காட்டினர் வழிவிட்டார்கள். "நகலெடுக்க வேண்டும், அதனால்" என்று, காரணம் போல ஒலிக்கும் வெற்றுச் சொல்லைச் சேர்த்தபோது அது 93 ஆனது. "அவசரமாகப் போக வேண்டும்" என்ற உண்மையான காரணத்துக்கு 94. ஆனால் 20 பக்கம் என்றபோது வெற்றுக் காரணம் பலிக்கவில்லை: காரணம் சொல்லாதவர்களுக்கும் 24, வெற்றுக் காரணம் சொன்னவர்களுக்கும் 24, உண்மைக் காரணம் சொன்னவர்களுக்கு மட்டும் 42. விடுப்பு விண்ணப்பமும் நகல் இயந்திர வரிசையும் ஒன்றல்ல என்றாலும், என் அனுபவம் இதோடு ஒத்துப்போகிறது. ஒரு நாள் விடுப்புக்கு "சொந்த வேலை" என்ற இரண்டு சொல்லே போதும். பட்டுவாடா வாரத்தில் மூன்று நாள் என்னும்போது, சொல்லும் காரணத்துக்குள் ஏதாவது இருக்க வேண்டும்.

அதற்காக ஒரு பக்கம் எழுத வேண்டியதில்லை. அக்கா உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும், நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் கண்விழித்ததும் உங்களுக்கு விலைமதிக்க முடியாதவையாக இருக்கலாம். அவற்றை விண்ணப்பத்தில் எழுதினால், அந்த நெருக்கம் போதுமா என்று தீர்ப்புச் சொல்லும்படி நீங்களே மேலாளரை அழைத்ததாகிவிடும், "நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தால் அக்காவா?" என்று அவர் கேட்டுவிட்டால் அந்தச் சொல் உங்கள் மனத்தில் நெடுநாள் தைத்திருக்கும். உறவை விளக்க ஒரே வாக்கியம் போதும். உங்கள் அன்பை அல்ல, உங்கள் பொறுப்பை எழுதுங்கள். அன்பை வெளியிலிருந்து அளக்க முடியாது. ஆனால் புதன்கிழமை மாலையிலிருந்து வந்து இறங்கும் விருந்தினர்களைத் தங்கவைப்பது உங்கள் வேலை என்றால், அதில் நாளும் நேரமும் இருக்கின்றன, யாரும் எடை போடத் தேவையில்லை.

உறவுச் சொல்லில் இருக்கும் சிக்கல்

சென்ற ஆண்டு நீங்கள் பொய் சொல்லவில்லை. தமிழில் ஒன்றுவிட்ட அண்ணனும் அண்ணன்தான். வீட்டில் யாரும் "ஒன்றுவிட்ட" என்று சொல்லி அழைப்பதில்லை. ஆனால் வீட்டில் அழைக்கும் சொல் வேறு, விண்ணப்பத்தில் எழுதும் சொல் வேறு. விண்ணப்பத்தில் "அண்ணன்" என்று படிப்பவர் உடன்பிறந்தவரையே நினைப்பார். பிறகு தெரியவரும்போது, நீங்கள் வழக்கப்படி எழுதினீர்களா, வேண்டுமென்றே எழுதினீர்களா என்று அவருக்குத் தெரியாது. அவருடைய சந்தேகம் அங்கே பிறந்தது. எல்லார் முன்னாலும் அதைக் கேட்பது முறையல்ல. ஆனால் அதற்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதை நீங்கள் ஒப்புக்கொண்டால் அதை முடித்துவைப்பதும் எளிது.

விண்ணப்பம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பாகவே, அவர் தனியாக இருக்கும் நேரத்தில் போய், இப்படிச் சொல்லுங்கள்: "சென்ற ஆண்டு நான் அண்ணன் திருமணம் என்று எழுதியது என் ஒன்றுவிட்ட அண்ணனுடைய திருமணம். வீட்டில் அப்படி அழைத்தே பழக்கம். விண்ணப்பத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இனிமேல் அப்படியே எழுதுகிறேன். அதைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்." இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். மன்னிப்பாக நீட்ட வேண்டாம். அவர் கேலி செய்ததைக் குற்றமாகவும் அடுக்க வேண்டாம். கடைசி வாக்கியமே அவருக்குப் புரியவேண்டியதைப் புரியவைக்கும். இதை விண்ணப்பத்துக்குள்ளும் எழுதாதீர்கள், அதே நாளிலும் பேசாதீர்கள். இரண்டும் ஒன்றாக வந்தால், விடுப்புக்காகவே விளக்கம் சொல்வதாகத் தோன்றும்.

இப்போதைய விண்ணப்பத்தில் "என் தந்தை வழி உறவினரான, எங்கள் வீட்டில் தங்கிப் படித்த ஒன்றுவிட்ட அக்கா" என்று எழுதினால் முழுமையாகிவிடுகிறது. "நெருங்கிய உறவினர்" என்ற தொடர் வேண்டாம். எவ்வளவு நெருக்கம் என்ற கேள்வியை அதுவே எழுப்பும். "சொந்த அக்கா போன்றவர்" என்பதும் வேண்டாம். "போன்றவர்" என்று எழுதிய உடனே, அவர் அது இல்லை என்பதுதான் படிப்பவர் கண்ணில் படும். நண்பரின் நிகழ்ச்சிக்காகக் கேட்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: "சகோதரனைப் போன்ற நண்பன்" என்று எழுதுவதைவிட, "பன்னிரண்டு ஆண்டு நண்பர், அவர் திருமணத்தில் நான் சாட்சிக் கையெழுத்திட வேண்டியவர்" என்று எழுதுவது வலுவாக நிற்கும்.

தோழி சொன்ன இரண்டு வழிகள்

தோழி உங்கள் மீதுள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் "சொந்த அக்கா" என்று எழுதினால், அது பொய் என்று காட்டும் தாள் உங்கள் நிறுவனத்திலேயே இருக்கலாம். வேலையில் சேர்ந்தபோது குடும்ப விவரமும், பணப்பலன் யாருக்குச் சேர வேண்டும் என்ற நியமனமும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். உடன்பிறந்தோர் விவரம் பெரும்பாலும் அதில் இருக்கும். அழைப்பிதழைக் காட்டச் சொன்னால், மணமகளின் பெற்றோர் பெயர் வேறாக இருக்கும். ஒரு முறை சந்தேகப்பட்டவர் இரண்டாம் முறை சரிபார்க்கத்தான் செய்வார்.

பாட்டியின் உடல்நிலை என்பது இதைவிட மோசம். திரும்பி வந்ததும் "பாட்டி எப்படி இருக்கிறார்?" என்று கேட்கும் ஒவ்வொரு சக ஊழியருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும், திருமணப் படத்தை யாராவது வெளியிட்டால் உங்கள் பிரிவில் உள்ளவர்களும் உங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டிவரும். உண்மையிலேயே பாட்டிக்கு முடியாமல் போகிற நாளில் உங்களை யாரும் நம்பமாட்டார்கள்.

சட்டக் கோணத்தில் பார்த்தால் வித்தியாசம் பெரியது. உண்மையைச் சொல்லிக் கேட்டு மறுக்கப்பட்டால் நீங்கள் இழப்பது மூன்று நாள் விடுப்பு. பொய்யான காரணத்தைக் கொடுத்து அது வெளிப்பட்டால், விடுப்பு விவகாரம் ஒழுங்கு நடவடிக்கை விவகாரமாக மாறிவிடும். அப்போது விசாரிக்கப்படுவது திருமணத்துக்குப் போனது அல்ல, எழுதிக் கையொப்பமிட்ட தவறான தகவல். பணம் கையாளும் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பாதிக்கும்.

மூன்று நாளுக்கும் தனித்தனிக் கணக்கு

சந்தேகப்படும் மேலாளர் முதலில் கேட்பது, "கல்யாணம் ஒரு நாள்தானே, மூன்று நாள் எதற்கு?" என்பதே. விண்ணப்பத்திலேயே அதற்குப் பதில் இருந்தால் அந்தக் கேள்வி எழாது. புதன்: காலையில் பயணம், மாலையில் விருந்தினரை வரவேற்கும் பொறுப்பு. வியாழன்: திருமணம். வெள்ளிதான் உங்கள் விண்ணப்பத்தின் மெலிந்த பகுதி. அதுவே பட்டுவாடா நாளும்கூட.

வெள்ளி எதற்காக என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதை உங்களையே கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமையும் விருந்தினர்களை அனுப்பிவைக்கும் வேலை இருந்தால் அதை அப்படியே எழுதலாம். அப்படி எதுவும் இல்லை, வியாழன் இரவு கிளம்பி வெள்ளி காலை வந்து சேருவீர்கள், உடம்பு தாங்காது என்பதுதான் காரணம் என்றால் அதையும் நேராகவே எழுதலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒன்பது மணி நேர இரவுப் பயணத்துக்குப் பிறகு நேராக வந்து உட்கார்ந்து, பல பேருக்குப் போக வேண்டிய தொகையும் வங்கிக் கணக்கு எண்ணும் சரிதானா என்று பார்ப்பவர், ஓர் எண்ணை மாற்றிப் பார்த்துவிட எல்லா வாய்ப்பும் உண்டு. கணக்குப் பிரிவு மேலாளருக்கு இது உடனே புரியும். இல்லாத சடங்கு ஒன்றை வெள்ளிக்குக் கற்பிக்க வேண்டாம்.

பிறகு, பட்டுவாடாவைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் பங்கு என்ன? கணக்குப் பிரிவுகளில் வழக்கமாக நடப்பதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் நடைமுறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வந்த பில்களைப் பதிவது, கொள்முதல் ஆணையோடு ஒப்பிடுவது, பட்டுவாடாப் பட்டியல் தயாரிப்பது, ஒப்புதல் வாங்கி வங்கிக்கு அனுப்புவது. முதல் இரண்டையும் செவ்வாய் 24-ஆம் தேதி மாலைக்குள், அதுவரை வந்த பில்களுக்கு, நீங்களே முடித்துவிடலாம். பட்டியலையும் அன்றே வரைவாக வைத்துவிடலாம். எஞ்சுவது, புதனும் வியாழனும் வரும் சில பில்களும் வெள்ளிக்கிழமைச் சரிபார்ப்பும். அதை யார் பார்ப்பார் என்று ஒரு பெயரை நீங்கள் எழுத வேண்டும். அதற்கு முன்னால் அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். கேட்காமல் எழுதிய பெயரால் நல்ல விண்ணப்பங்கள் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன்: மேலாளர் அந்த ஊழியரைக் கூப்பிட்டு "நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களாமே?" என்று கேட்க, அவர் விழித்தால், அதோடு முடிந்தது. அடுத்த மாதம் அவருக்குத் தேவைப்படும் ஒரு நாளை நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். அது அவருக்கும் நியாயம். வங்கியில் உங்கள் பயனர் கணக்கின் மூலம்தான் ஏதாவது செய்ய முடியும் என்றால், கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மாற்று அனுமதியை முன்கூட்டியே மேலாளரிடம் கேட்டு வாங்கிவையுங்கள்.

விண்ணப்பம்

இதை ஒட்டி எழுதலாம். உங்கள் வாயில் வராத சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்.

*பொருள்: 25 முதல் 27 வரை மூன்று நாள் ஈட்டிய விடுப்பு*

*மதிப்பிற்குரிய ஐயா,*

*அடுத்த மாதம் 26-ஆம் தேதி, வியாழக்கிழமை, என் தந்தை வழி உறவினரான, எங்கள் வீட்டில் தங்கிப் படித்த ஒன்றுவிட்ட அக்காவின் திருமணம் வெளியூரில் நடைபெறுகிறது. 25-ஆம் தேதி மாலை முதல் விருந்தினர்களைத் தங்கவைக்கும் பொறுப்பு என்னுடையது. 26 இரவு புறப்பட்டு 27 காலை வந்து சேர்வேன். இரவுப் பயணத்துக்குப் பின் பட்டியலைப் பிழையின்றிச் சரிபார்க்கும் நிலையில் இருக்கமாட்டேன் என்பதால் 27-ஐயும் சேர்த்துக் கேட்கிறேன்.*

*27-ஆம் தேதிப் பட்டுவாடாவுக்காக, 24 மாலை வரை வரும் பில்களை ஒப்பிட்டு முடித்து, வரைவுப் பட்டியலை அன்றே தங்களிடம் கொடுத்துவிடுவேன். அதன் பின் வரும் பில்களையும் இறுதிச் சரிபார்ப்பையும் பார்த்துக்கொள்ள (சக ஊழியரின் பெயர்) சம்மதித்திருக்கிறார். 25, 26 இரு நாளும் மாலை 4 முதல் 5 வரை அவர் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம்.*

*பயணச்சீட்டு எடுக்க வேண்டியிருப்பதால், இந்த வார வெள்ளிக்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.*

இதில் "தயவுகூர்ந்து", "பணிவன்புடன் கெஞ்சி" போன்றவை இல்லை என்பதைக் கவனியுங்கள். மரியாதை தேவை; கெஞ்சல் தேவையில்லை. கெஞ்சினால், அவர் தரப்போவது ஒரு சலுகை என்று நீங்களே சொன்னதாகிவிடும். மாலை ஒரு மணி நேர அழைப்பு உங்களுக்குச் சாத்தியமில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். சொல்லிவிட்டு எடுக்காமல் இருப்பதைவிடச் சொல்லாமலே இருப்பது நல்லது. அழைப்பிதழை அவர் கேட்காமல் இணைக்க வேண்டாம். கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

உங்கள் நிறுவனத்தில் விடுப்பைக் கணினியில் பதிய வேண்டியிருந்து, காரணத்துக்கு ஒரு சிறிய கட்டம் மட்டும் இருந்தால், "உறவினர் திருமணம், வெளியூர், ஒப்படைப்பு விவரம் தனி அஞ்சலில்" என்று எழுதிவிட்டு, மேலே உள்ளதை மின்னஞ்சலாக அனுப்புங்கள். அந்த அஞ்சல் உங்களிடம் இருப்பது பின்னால் பயன்படும். நாளைத் தள்ளிப்போடாதீர்கள். வேறு யாரும் அந்த வாரத்தைக் கேட்பதற்கு முன் கேட்டுவிடுவது உங்கள் கையில் இருக்கிறது.

அவர் தயங்கினால்

விண்ணப்பத்தில் மாற்று வழி எதையும் நான் எழுதவில்லை. "மூன்று நாள், முடியாவிட்டால் இரண்டு" என்று எழுதினால் இரண்டு நாள்தான் கிடைக்கும். ஆனால் மாற்று உங்கள் மனத்தில் தயாராக இருக்கட்டும். அவர் வெள்ளிக்கிழமையைப் பற்றித் தயங்கினால், "வெள்ளி காலை ஓய்வெடுத்துவிட்டு, பிற்பகல் 2 மணிக்கு வந்து பட்டியலைப் பார்த்துத் தருகிறேன், காலையை அரை நாள் விடுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். அது அவருடைய பயத்தை நேராகத் தொடும். புதன், வியாழன் இரண்டையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பயணமும் பொறுப்பும் அங்கேதான் இருக்கின்றன.

"சொந்தமா, ஒன்றுவிட்டதா?" என்று மறுபடியும் கேட்டால் கோபப்படாமல், "ஒன்றுவிட்ட அக்கா. விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன். 27-ஆம் தேதிப் பட்டியலில் உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள், இப்போதே பார்த்துவிடலாம்" என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள்.

வாய்மொழியாக "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி நாளைக் கடத்தினால், நீங்கள் குறிப்பிட்ட வெள்ளி கழிந்த திங்களன்று அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக ஒரு வரி அனுப்புங்கள்: "25 முதல் 27 வரை கேட்டிருந்த விடுப்பு பற்றித் தங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறேன்." வெளிப்படையாக மறுத்தால், எந்த விதியின்படி, அல்லது எந்த வேலையின் பொருட்டு என்று எழுத்தில் கேளுங்கள். பட்டுவாடாதான் காரணம் என்றால் மேலே சொன்ன அரை நாள் ஏற்பாட்டைப் பேசலாம். உறவு போதாது என்பதுதான் காரணம் என்றால், ஈட்டிய விடுப்புக்கு உங்கள் நிறுவன விதியில் உறவு நிபந்தனை இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அந்த அஞ்சலோடு மனிதவளத் துறையை அணுகலாம். அவர் பதிலில் உறவைப் பற்றி எழுதியிருந்தால் அதுவே உங்களுக்குச் சான்று. அனுமதி இல்லாமல் போய்விடுவது மட்டும் வேண்டாம். அனுமதியற்ற வராமை என்று பதிவாகிவிட்டால், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் கைமாறிவிடும்.

சக ஊழியரிடம் இன்றே பேசுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அவருடைய சம்மதம்தான் முதல் படி.